சந்தா 700-லிருந்து 950: ஒரு ஷட்டில் கிளப்பின் கணக்கு, அறிவிப்பு, அதன் பிறகு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இயங்கும் ஒரு ஷட்டில் கிளப்பில் 2025 செப்டம்பர் முதல் 2026 பிப்ரவரி வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். அப்போது நான்தான் பொருளாளர். சந்தாவை உயர்த்த வேண்டிய கட்டாயம் உண்மையாகவே இருந்தது. அதை உறுப்பினர்களிடம் சொன்ன விதத்தில் தவறு செய்தேன், பிறகு திருத்தினேன். கிளப்பின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை.

பின்னணி

எங்களுடையது தகரக் கூரை போட்ட கொட்டகை. இரண்டு கோர்ட், தரையில் சிந்தடிக் மேட். இடம் குத்தகை. காலையில் வருவோர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள்: விவசாயிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள். மாலையில் இளைஞர்கள். மொத்தம் 42 பேர். வீட்டில் தமிழ் பேசுவோரே அதிகம், மலையாளம் பேசுவோரும் இருக்கிறார்கள். அதனால் அறிவிப்புப் பலகையில் எப்போதும் இரண்டு மொழியிலும் எழுதுவோம். தமிழில் சந்தா, மலையாளத்தில் வரிசங்க்யா.

சந்தா 2023 ஜூன் முதல் மாதம் 700 ரூபாய். அப்போது கணக்கு கிட்டத்தட்ட நூல் பிடித்தாற்போல் நின்றது. வரவு 29,400. இடத்து வாடகை, கூட்டித் துடைத்துக் கதவு பூட்டும் ஆளின் சம்பளம், மின்கட்டணம், வலை, பல்பு, மேட் ஒட்டும் டேப் எல்லாம் சேர்த்து 15,000. இந்தத் தொகை யார் வந்தாலும் வராவிட்டாலும் மாறாது. மீதி 14,400-க்கு இறகுக் காக், அதாவது ஆடும் இறகுப் பந்து. 12 காக் கொண்ட ஒரு டியூப் அப்போது எங்களுக்கு 800 ரூபாய்க்குக் கிடைத்தது. சாதாரண மாதத்துக்கு 18 டியூப் ஆகும்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் சேர்த்த 78,000 ரூபாய் சேமிப்பு நிதியாக வங்கியில் இருந்தது. மேட்டை மாற்றுவதற்கென்று வைத்த பணம் அது.

விலை ஏறிய விதம்

2024 ஏப்ரலில் டியூப் 920 ஆனது. 2025 மார்ச்சில் 1,080. ஆகஸ்டில் 1,240. பொள்ளாச்சியில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் ஒவ்வொரு முறையும், "இறகே வர மாட்டேங்குதுங்க" என்றுதான் சொன்னார். நான் அதை வியாபாரிப் பேச்சாக நினைத்தேன். பிறகு விசாரித்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது.

ஒரு காக்கில் 16 இறகுகள். வாத்து அல்லது பெருவாத்தின் சிறகு இறகுகள் அவை. ஒரு காக்கில் உள்ள அத்தனையும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழற்சி கெட்டுவிடும். முழு காக்கின் எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள் நிற்க வேண்டும். ஆகவே ஒரு பறவையிலிருந்து தேறும் நல்ல இறகுகள் கொஞ்சம்தான். இறகுக்காக மட்டும் யாரும் வாத்து வளர்ப்பதில்லை, இறைச்சி வியாபாரத்தின் உபபொருள்தான் அது. உலகத்துக்கு வேண்டிய காக்கில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. அங்கே வாத்து இறைச்சி உண்பது குறைந்ததால் இறகு வரத்தும் குறைந்தது. இன்னொரு பக்கம் ஆடுவோர் கூடிக்கொண்டே போகிறார்கள். பெரிய கம்பெனிகளே விலையை உயர்த்தின. நாங்கள் வாங்குவது அவற்றைவிட இரண்டு படி கீழே உள்ள ரகம், அதுவும் கூடவே ஏறியது.

இது ஒரு காரணம். எங்கள் ஊருக்கே உரிய காரணம் இன்னொன்று இருந்தது. அதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

கவனித்தது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். உதடு வெடிக்கும், கொட்டகைத் தகரம் இரவெல்லாம் தடதடக்கும். அந்த மூன்று மாதமும் எங்களுக்கு 18 டியூப் போதாது, 23 ஆகும். காற்றில் காக் விலகிப் போவதால் பையன்கள் கோபத்தில் அடித்து உடைக்கிறார்கள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

2025 பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, குப்பைச் சாக்கிலிருந்து உடைந்த காக்குகளை எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தேன். மழைக்காலத்துக் காக் சாவதற்கு நேரமாகும். முதலில் இறகின் ஓரம் பிய்ந்து நூல் நூலாகும், பிறகு தண்டு மெல்ல வளையும். மேசையில் கிடந்தவை அப்படி இல்லை. இறகின் ஓரம் புதிது போல முழுதாக இருந்தது, தண்டு மட்டும் நடுவில் சுள்ளி ஒடிந்தாற்போல் முறிந்திருந்தது. புது டியூபிலிருந்து ஒன்றை எடுத்து ஓர் இறகை விரலால் மெல்ல வளைத்தேன். 'டக்' என்று ஒடிந்தது. ஈரப்பதம் போன இறகு அது. யார் அடித்தாலும் அப்படித்தான் உடையும்.

இதைக் கண்ட நான் அப்போதே செயற்குழுவில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. விலையேற்றத்தையும் சொல்லவில்லை. கடைக்குக் கொடுக்க வேண்டியதில் துண்டு விழுந்த தொகையை மாதாமாதம் சேமிப்பு நிதியிலிருந்து எடுத்துக் கட்டினேன். விலை இறங்கிவிடும், எதற்கு வீணாக எல்லோரையும் கலக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2024 ஏப்ரலிலிருந்து 17 மாதம் இப்படியே ஓடியது. 2025 ஆகஸ்ட் கடைசியில் பாஸ்புக்கில் நின்றது 7,320 ரூபாய். அந்த மாதத்துக் குறைவு மட்டும் 7,920. அடுத்த மாதம் எடுக்க அதில் ஒன்றும் இருக்காது என்ற நிலை.

முதல் அறிவிப்பு

ஆண்டு முழுவதுக்குமான செலவைப் போட்டுப் பார்த்தேன். தலைக்கு மாதம் 925 ரூபாய் வந்தது. கொஞ்சம் கூட்டி 950 என்று முடிவு செய்தேன். தலைவரும் செயலாளரும் போனில் சம்மதித்தார்கள். ஓணம் முடிந்த மறுவாரம், செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு, வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன்:

"அனைத்து உறுப்பினர்களுக்கும்: அக்டோபர் முதல் மாதச் சந்தா 700-லிருந்து 950 ஆக உயர்த்தப்படுகிறது. காக் விலை உயர்வே காரணம். ஒத்துழைப்பு தரவும். பொருளாளர்."

காலைக்குள் அறுபதுக்கும் மேல் பதில்கள். ஓணத்துக்குச் செலவழித்துக் கை காய்ந்திருந்த நேரம் அது, அதை நான் யோசிக்கவில்லை. எழுந்த கேள்விகளில் மூன்று நியாயமானவை.

முதலாவதை எழுப்பியவர் காலை அணியின் ஓய்வு பெற்ற ஆசிரியர், எல்லோருக்கும் மாஷ். "சந்தாவை மாற்றப் பொதுக்குழுவுக்குத்தானே அதிகாரம்? பைலாவைப் பாருங்கள்" என்று எழுதினார். சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்துப் பகுதி. எங்கள் கிளப்பின் பதிவு 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ். அதோடு சேர்த்துப் பதிந்த பைலாவில் சந்தா மாற்றத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பும் பொதுக்குழுத் தீர்மானமும் வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. என் செய்தி செல்லாது.

இரண்டாவது, "பேங்க்ல எழுபத்தெட்டாயிரம் இருந்துதே, அது எங்கே?" கேட்டவர் சந்தேகத்தில் கேட்கவில்லை, 2024 ஆண்டறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டார். ஆனால் பதில் வர இரண்டு நாள் ஆனதும் மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாவது, ஒரு மாலை ஆட்டக்காரர் கோயம்புத்தூரில் எடுத்த படம். இறகுக் காக், டியூப் 780 ரூபாய். "அண்ணா, இது கிடைக்கும்போது நாம ஏன் 1,240 கொடுக்கறோம்?"

இதோடு காலை அணியில் இன்னொரு முணுமுணுப்பும் இருந்தது. குழுவில் யாரும் எழுதவில்லை, நேரில் சொன்னார்கள். நாங்கள் வாரம் இரண்டு நாள் வருகிறோம், ஒரு காக்கை மூன்று நாள் வைத்து ஆடுகிறோம். பையன்கள் தினமும் ஸ்மாஷ் அடித்து உடைக்கிறார்கள். உயர்வு மட்டும் எல்லோருக்கும் சமமா?

அந்த வாரமே ஒருவர் விலகினார். பத்தாண்டு உறுப்பினர், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செப்டம்பர் 14 அன்று செயற்குழு கூடியது. என் செய்தியைத் திரும்பப் பெறுவதாக அன்றே குழுவில் போட்டோம். பைலா மீறலையும், சேமிப்பு நிதி எப்படிக் கரைந்தது என்பதையும் அதே செய்தியில் எழுதினேன். பாஸ்புக்கின் 17 மாதப் பக்கங்களையும் கடை ரசீதுகளையும் ஒரு கோப்பில் வைத்துக் கொட்டகை மேசையில் கட்டிப்போட்டேன். முதல் மூன்று நாளில் ஏழெட்டுப் பேர் புரட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு பணம் எங்கே என்ற பேச்சு எழவில்லை.

780 ரூபாய்க் காக்கைப் பேச்சால் மறுக்காமல் ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். படம் போட்டவரையே ஒரு டியூப் வாங்கி வரச் சொன்னோம். நாங்கள் வாங்கும் ரகத்தில் ஒரு டியூப், அதில் ஒரு டியூப். மாலை அணி மட்டும் ஆட வேண்டும், எத்தனை கேம் தாங்குகிறது என்று அவரே எழுத வேண்டும். எங்கள் டியூப் 26 கேம் தாங்கியது, மலிவு டியூப் 13. அதாவது எங்களுடையதில் ஒரு கேமுக்கு 48 ரூபாய் ஆகிறது, மலிவில் 60. அந்த நோட்டுத் தாளைப் பலகையில் ஒட்டியவரும் அவர்தான். ஒரே ஒரு டியூப் வைத்து நடத்திய சோதனை என்பதால் இதைப் பெரிய ஆதாரமாகச் சொல்ல மாட்டேன். என்றாலும் டியூப் விலையைப் பார்ப்பதை விட்டுக் கேமுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க எல்லோரும் பழகியது அந்தத் தாளால்தான்.

நைலான் காக்கும் பேச்சில் வந்தது. நீடித்து உழைக்கும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அடித்த பின் வேகம் குறையும் விதம் வேறு. அதில் பழகிவிட்டு டோர்னமென்டில் இறகுக் காக் ஆடினால் டைமிங் தப்பும் என்று மாலை அணி ஏற்கவில்லை. தோள் வலிக்கிறது என்று காலை அணியிலும் இருவர் சொன்னார்கள். அதோடு விட்டோம்.

மிச்சமிருந்தது பங்கீட்டுப் பிரச்சினை. இங்கேதான் ஒரு பழைய நோட்டு உதவியது. யார் முதலில் ஆடுவது என்ற சண்டையைத் தவிர்க்க, வருகிறவர்கள் பெயர் எழுதும் முறை நோட்டு ஒன்று எங்களிடம் உண்டு. அதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதத்தில் சராசரியாக 546 வருகைகள். 18 டியூப் என்றால் 216 காக். ஆக, ஒருவர் ஒருமுறை வந்து ஆடிவிட்டுப் போக 41 ரூபாய் காக் செலவாகிறது. 2023-இல் இதுவே 26 ரூபாயாக இருந்தது. கிழக்குக் காற்று மாதங்களில் இப்போதைய விலையில் 52.

950 என்ற எண் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. 26 ரூபாய் 41 ஆகியிருக்கிறது என்றதும் சின்னப் பையன்கள்கூடத் தலையாட்டினார்கள். செலவை இரண்டாகப் பிரித்துச் சொல்லவும் இது வழி செய்தது. கொட்டகை நிற்பதற்கான செலவை எல்லோரும் சமமாக ஏற்பது, காக் செலவை ஆடுகிறவர் ஏற்பது. அடிப்படைச் சந்தா 400 ரூபாய், வரும் ஒவ்வொரு நாளுக்கும் 40 ரூபாய் டோக்கன். இதுதான் நாங்கள் பொதுக்குழுவுக்குக் கொண்டுபோக முடிவு செய்த திட்டம்.

காக் ஒவ்வொன்றுக்கும் ஆடிய நால்வரிடம் பணம் வாங்கலாம் என்றும் யோசனை வந்தது. கணக்கில் அதுதான் மிகச் சரியானது. ஆனால் புதுக் காக் எடுக்கும்போதெல்லாம் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், வேகமாக அடிப்பவனோடு ஆட ஆள் வராது. அதனால் கைவிட்டோம்.

இரண்டாம் அறிவிப்பும் பொதுக்குழுவும்

செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மொழியிலும் ஒரு பக்க அறிவிப்பைப் பலகையில் ஒட்டி, அதன் படத்தைக் குழுவில் போட்டோம். அதன் முக்கியப் பகுதி இது:

"ஒருவர் ஒரு நாள் ஆட 2023-இல் 26 ரூபாய்க்குக் காக் செலவானது. இன்று 41 ரூபாய். இந்த வித்தியாசத்தை 17 மாதமாகச் சேமிப்பு நிதியிலிருந்து கட்டி வந்தோம். உறுப்பினர்களிடம் சொல்லாமல் அப்படிச் செய்தது பொருளாளரின் தவறு. அந்த நிதி இப்போது தீர்ந்துவிட்டது. அக்டோபர் 5 ஞாயிறு காலை 8 மணிக்குப் பொதுக்குழு கூடும். அதுவரை சந்தா 700 மட்டுமே."

அதன் கீழே அவரவர் தம் கணக்கைப் பார்த்துக்கொள்ள மூன்றே வரி: மாதம் 8 நாள் வருபவருக்கு 720, 13 நாள் வருபவருக்கு 920, 20 நாள் வருபவருக்கு 1,200.

கூட்டத்துக்கு 33 பேர் வந்தார்கள். கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. உடைந்த காக்குகளைச் சாக்கோடு கொண்டுபோய் வைத்து, மழைக்காலத்தில் உடைந்ததையும் காற்றுக்காலத்தில் உடைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டு மாஷ்தான் சொன்னார்: "அப்ப நாங்க பசங்களை இத்தனை வருஷம் சும்மா திட்டியிருக்கோம்." அந்த ஒரு வார்த்தையில் காலை, மாலை என்ற பிளவு பாதி அடங்கியது.

காற்றுக்காலத்துக்கு ஆவி பிடிப்பது என்று அங்கேயே முடிவானது. பல ஊர் ஆட்டக்காரர்கள் செய்வதுதான். மறுநாளைக்கு வேண்டிய டியூபை இரவு கொட்டகை பூட்டும் முன் திறந்து, கெட்டிலிலிருந்து வரும் ஆவியை இறகுப் பக்கமாகச் சில விநாடி காட்டி, மூடி போட்டுக் காலை வரை வைக்க வேண்டும். அடிப்பக்கத் தக்கையில் ஆவி படக் கூடாது, பசை இளகிவிடும். அதிக நேரம் காட்டினால் இறகு கனத்து, காக்கின் வேகம் மாறிவிடும்.

தீர்மானத்துக்கு ஆதரவு 27, எதிர்ப்பு 4, இருவர் வாக்களிக்கவில்லை. நவம்பர் 1 முதல் நடைமுறை.

நடந்தது

செப்டம்பரும் அக்டோபரும் பழைய சந்தாவில்தான் ஓட்ட வேண்டியிருந்தது. சேமிப்பு முழுவதும் போய், கடையில் 8,520 ரூபாய் கடன் நின்றது. இதைத் தெரிந்தே ஏற்றோம். பைலாப்படி நடப்பதற்கு அது விலை.

நவம்பர் தொடங்கும்போது 39 பேர் இருந்தோம். ஜனவரியில் இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். வருகை மாதம் 500-ஐ ஒட்டி நின்றது, முன்பைவிடச் சற்றுக் குறைவு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு மாதத்தையும் கூட்டினால் செலவு போக 1,560 ரூபாய் மிஞ்சியது. டிசம்பரில் மட்டும் 80 ரூபாய் குறைவு. கணக்கு சமனானது என்று சொல்லலாம், அதற்கு மேல் இல்லை. கடைக் கடன் இன்னும் 6,960 இருக்கிறது.

காற்று மாதங்கள் மூன்றிலும் சேர்த்து முன்பு 69 டியூப் ஆகும் இடத்தில் 52 ஆனது. ஆவி பிடித்ததால்தான் முழுவதும் என்று சொல்ல முடியாது, ஆட வந்தவர்களும் குறைவு. அதையும் கழித்துப் பார்க்க, ஒரு வருகைக்கு எத்தனை காக் என்று கணக்கிட்டேன். முன்பு காற்றுக்காலத்தில் இரண்டு வருகைக்கு ஒரு காக் போகும். இம்முறை ஐந்து வருகைக்கு இரண்டு. மழைக்காலக் கணக்கும் கிட்டத்தட்ட அதுவே. அன்றன்று எடுத்த காக் எத்தனை என்று பலகையில் எழுதத் தொடங்கியதும் ஓரளவு உதவியிருக்கும்.

விலகிய மூவரில் ஒருவர் முதல் வாரமே போன தோப்புக்காரர். மாதம் ஐந்தாறு நாள்தான் வருவார். புது முறையில் அவருக்கு 640 ரூபாய், பழைய சந்தாவைவிடக் குறைவு. அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு வீட்டுக்கே போனேன். மோர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். "காசுக்கில்லீங்க. பத்து வருஷம் ஆடியிருக்கேன், ஒரு வார்த்தை கேட்காம ராத்திரி போன்ல போட்டுட்டீங்க" என்றார். திரும்பி வரவில்லை.

இன்னொருவர் கல்லூரி மாணவர். மாதம் 22 நாள் ஆடுவார். அவருக்கு 700 என்பது 1,280 ஆனது. பொதுக்குழுவில் எதிர்த்து வாக்களித்த நால்வரில் அவரும் ஒருவர், காரணத்தையும் எழுந்து சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டோம், ஒன்றும் செய்யவில்லை. மூன்றாமவருக்கு வேலை மாற்றம், இதோடு தொடர்பில்லை.

மாற்ற வேண்டியது

விலை முதன்முறை ஏறிய 2024 ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் டியூபுக்கு 120 ரூபாய் உயர்வு பற்றிய பேச்சாக மட்டும் இருந்திருக்கும். சந்தாவில் தலைக்கு மாதம் 50 ரூபாய் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். 17 மாதம் மூடி வைத்ததால்தான் ஒரே அடியில் 250 கேட்க நேர்ந்தது. சேமிப்பு நிதியிலிருந்து நடப்புச் செலவுக்கு எடுத்தால் அந்த மாதமே பலகையில் எழுத வேண்டும் என்று இப்போது செயற்குழு விதி வைத்திருக்கிறது. டியூப் விலை மாறினாலும் அப்படியே.

அடிப்படைச் சந்தாவை 400 என்று வைத்ததும் சரியல்ல. 42 பேர் கணக்கிலேயே தலைக்கு 357 ரூபாய் நிலைச் செலவு, அது போக மிஞ்சுவது கடனுக்கும் போதவில்லை, மேட்டுக்கும் ஒன்றும் சேரவில்லை. ஏற்கெனவே கொதித்திருந்தவர்களிடம் குறைந்த எண்ணைச் சொல்ல ஆசைப்பட்டேன். 450 என்று சொல்லி, அந்த 50 மேட்டுக்கு என்று தனியே காட்டியிருக்க வேண்டும். மேட்டின் இணைப்புகள் இரண்டு இடத்தில் இப்போதே தூக்கிக்கொண்டு நிற்கின்றன, டேப் ஒட்டித்தான் ஆடுகிறோம்.

அடுத்த பொதுக்குழுவுக்கு இரண்டு தீர்மானங்கள் எழுதியிருக்கிறோம்: அடிப்படைச் சந்தா 450, மாணவர்களுக்கு மாதம் 15 நாளுக்கு மேல் டோக்கன் கட்டணம் இல்லை. இரண்டாவதால் எவ்வளவு வரவு குறையும் என்ற கணக்கும் அதே தாளில் இருக்கிறது. 14 நாள் முன்னறிவிப்போடு ஒட்டப்போகிறோம். ஒட்டும் முன் இம்முறை காலை அணியில் ஒருவரிடமும் மாலை அணியில் ஒருவரிடமும் படிக்கக் கொடுத்திருக்கிறேன்.